காது கேட்கும் கருவியா, காக்ளியர் இம்ப்ளான்டா? முடிவெடுக்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

"சத்தம் கேட்கிறது, ஆனால் என்ன பேசுகிறார்கள் என்று புரியவில்லை." இரண்டு காதிலும் கேட்கும் திறன் கடுமையாகக் குறைந்த பெரியவர்கள் பலரும் சொல்வது இதுதான். கருவியின் ஒலியைக் கூட்டினால் காது வலிக்கிறது, குறைத்தால் ஒன்றும் கேட்பதில்லை. இந்தக் கட்டத்தில்தான் ஆபரேஷன் செய்து உள்காதில் மின்கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் என்ற பேச்சு வரும். கூடவே, தலையில் ஆபரேஷனா என்ற பயமும் வரும்.

இந்த முடிவை ஆடியோகிராமை மட்டும் பார்த்து எடுக்க முடியாது. எவ்வளவு மெல்லிய சத்தம் கேட்கிறது என்பதைத்தான் ஆடியோகிராம் காட்டும். சராசரி அளவு சுமார் 70 முதல் 90 டெசிபல் வரை இருந்தால் அதைக் கடுமையான குறைவு என்பார்கள். ஆனால் 80 டெசிபல் குறைவு உள்ள இரண்டு பேரில் ஒருவர் கருவி மாட்டிக்கொண்டு போனில்கூடப் பேசுவார், இன்னொருவருக்கு எதிரே உட்கார்ந்து பேசினாலும் புரியாது. நல்ல கருவியைச் சரியாகப் பொருத்திய பிறகு, உதட்டைப் பார்க்காமல், நூற்றுக்கு எத்தனை சொற்களை அவர் சரியாகத் திருப்பிச் சொல்கிறார்? முடிவு இந்த எண்ணில்தான் நிற்கிறது.

சத்தம் கேட்டும் ஏன் புரிவதில்லை

உள்காதில் உள்ள காக்ளியா நத்தை வடிவில் இரண்டரைச் சுற்றுச் சுருண்ட எலும்புக் குழாய். நீளம் சுமார் 35 மில்லிமீட்டர். அதற்குள் இரண்டு வகை மயிர் செல்கள் இருக்கின்றன. வெளிப்புற மயிர் செல்கள் மெல்லிய ஒலியைப் பெருக்கிக் கொடுக்கின்றன. உட்புற மயிர் செல்கள் அந்த அசைவை மின்குறிப்பாக மாற்றிச் செவிநரம்புக்குத் தருகின்றன. வெளிப்புறச் செல்கள் மட்டும் கெட்டிருந்தால் ஒலியைப் பெருக்கினால் போதும், கருவி நன்றாக வேலை செய்யும். குறைவு 60, 65 டெசிபலைத் தாண்டும்போது பெரும்பாலும் உட்புறச் செல்களும் கெட்டிருக்கும். அங்கே எவ்வளவு சத்தமாக ஒலியை அனுப்பினாலும் நரம்புக்குப் போகும் தகவல் கலங்கலாகவே இருக்கும். அழிந்துபோன எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பது போல, பெரிதாகத் தெரியும், தெளிவாகத் தெரியாது.

தமிழில் இதை எளிதாகப் பார்க்கலாம். கடை, தடை, படை, சடை என்ற நான்கு சொற்களிலும் உயிரொலிகள் ஒன்றே. அவை பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்ணில் பலமாக ஒலிப்பதால் காதில் விழுந்துவிடும். சொல்லைப் பிரித்துக் காட்டுவது முதல் மெய்யொலி. அதன் அடையாளம் பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்களில், மெல்லியதாக, கண நேரமே வந்து போகும். பலருக்கும் முதலில் கெடுவது காக்ளியாவில் அந்த அதிர்வெண்களுக்கான பகுதிதான். அதனால் நான்கு சொல்லும் ஒன்றுபோலவே கேட்கும். எது என்பதைப் பேச்சின் போக்கிலிருந்தும் உதட்டசைவிலிருந்தும் ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கும். மாலையானால் தலைவலியும் சோர்வும் வருவதற்கு இந்த ஓயாத ஊகம் முக்கியக் காரணம்.

கருவியும் இம்ப்ளான்டும் வேறுபடும் இடம் இதுவே. கருவி ஒலியைப் பெருக்கி, மிச்சமிருக்கும் மயிர் செல்கள் வழியாகவே அனுப்புகிறது. இம்ப்ளான்ட் அந்தச் செல்களை விட்டுவிட்டு, காக்ளியாவுக்குள் செலுத்திய மெல்லிய எலக்ட்ரோடு மூலம் நரம்பையே மின்சாரத்தால் தூண்டுகிறது. வெளியே காதுக்குப் பின்னால் மைக்கும் பிராசஸரும் இருக்கும். அங்கிருந்து ஒரு காயில் காந்தத்தால் தலைத்தோலில் ஒட்டிக்கொண்டு, தோலுக்கு அடியில் உள்ள பகுதிக்குக் குறிப்புகளை அனுப்பும். எலக்ட்ரோடில் 12 முதல் 22 தொடுபுள்ளிகள் உண்டு. சில ஆயிரம் மயிர் செல்கள் செய்த வேலையை இந்தச் சில புள்ளிகள் செய்கின்றன. ஆகவே இது இயற்கையான செவியைத் திருப்பித் தராது. பேச்சுக்குப் போதுமான தகவலைத் தரும்.

முதலில் கருவியைச் சோதியுங்கள்

கருவி பயன்படவில்லை என்று முடிவு கட்டும் முன், அது சரியாகப் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரில் ஆடியோகிராமை ஏற்றியதும் மென்பொருள் தானாக ஒரு ஒலி அளவைப் போட்டுவிடும். அது சராசரிக் காதுக்கான கணிப்புதான். உயர் அதிர்வெண்களில் தேவைக்குக் குறைவாகவே அது கொடுப்பதைப் பல நேரம் காணலாம். உண்மையை அறிய ஒரு மெல்லிய சிலிகான் குழாயை, காதுத் துளைக்கு ஏற்ற அச்சில் செய்து கருவியோடு மாட்டும் காது மோல்டின் பக்கமாகச் செவிப்பறைக்கு அருகே வரை நுழைத்து, கருவியை இயக்கி, பதிவு செய்த பேச்சை ஒலிக்க விடுவார்கள். செவிப்பறைக்கு உண்மையில் எத்தனை டெசிபல் போய்ச் சேர்கிறது என்று திரையில் ஒரு கோடு வரும். போய்ச் சேர வேண்டிய இலக்குக் கோடு பக்கத்திலேயே இருக்கும். இரண்டும் பொருந்த வேண்டும். இந்தச் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள், பத்து இருபது நிமிடம்தான் ஆகும்.

இலக்கை எட்டாததற்குப் பல நேரம் மோல்டுதான் காரணம். மோல்டு தளர்ந்திருந்தால் பெருக்கிய ஒலி வெளியே கசிந்து மீண்டும் மைக்கில் புகுந்து விசில் அடிக்கும். விசிலைத் தவிர்க்க மென்பொருள் ஒலியைக் குறைக்கும், உயர் அதிர்வெண்கள்தான் முதலில் பலியாகும். மெல்லும்போதும் சிரிக்கும்போதும் விசில் வந்தால் புது மோல்டு எடுக்க வேண்டும் என்று அர்த்தம். அழுக்கு அடைத்த குழாய், கடினமாகிப் போன டியூப், காதில் அடைத்த குறும்பி ஆகியவையும் இதே விளைவைத் தரும். எல்லாம் சரி செய்து சில வாரங்கள் நாள் முழுக்க மாட்டிப் பழகிய பிறகு எடுக்கும் மதிப்பெண்ணைத்தான் நம்பலாம்.

அந்தச் சோதனை ஒலி புகாத அறையில் நடக்கும். எதிரே உள்ள ஸ்பீக்கரிலிருந்து, சாதாரணப் பேச்சின் அளவான சுமார் 60 டெசிபலில், பதிவு செய்த குரல் சொற்களைச் சொல்லும். கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இடது காது தனியாக, வலது தனியாக, பிறகு இரண்டும் சேர்த்து. நேரில் ஒருவர் வாசிப்பதைவிடப் பதிவுதான் நல்லது, ஏனென்றால் வாசிப்பவர் தம்மை அறியாமல் குரலை உயர்த்திவிடுவார். பட்டியலில் 25 சொற்களே இருந்தால் ஒரு சொல்லுக்கு 4 சதவீதம், இரண்டு சொல் தவறினாலே 8 குறைந்துவிடும். 50 சொல் பட்டியல் கேட்பது நியாயம்.

இம்ப்ளான்ட் மையத்துக்கு எப்போது போக வேண்டும் என்பதற்கு ஒரு எளிய அளவுகோல் பரவலாகப் பயன்படுகிறது. நன்றாகக் கேட்கும் காதிலேயே சராசரிக் குறைவு 60 டெசிபல் அல்லது அதற்கு மேல் இருந்து, கருவியில்லாமல் போதிய சத்தத்தில் எடுத்த சொல் மதிப்பெண் 60 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால், மதிப்பீட்டுக்குப் போகலாம். இது மதிப்பீட்டுக்கான வாசல் மட்டுமே, ஆபரேஷனுக்கான முடிவு அல்ல. ஆபரேஷனுக்கான வரம்பு நாட்டுக்கு நாடு மாறும். கருவி மாட்டிய நிலையில் 50, 60 சதவீதத்தைத் தாண்டாதவர்களைத்தான் பெரும்பாலும் பரிசீலிப்பார்கள்.

ஒரு கணக்கு

54 வயதுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். 40 வயதில் தொடங்கிய குறைவு. இடது காதில் 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸில் முறையே 65, 75, 85, 95 டெசிபல், சராசரி 80. வலது காதில் 75, 85, 95, 105, சராசரி 90. வலது காதில் வெறும் இரைச்சலாகக் கேட்கிறது என்று 4 வருடமாகக் கருவியைக் கழற்றி வைத்திருக்கிறார். கருவி மாட்டி எடுத்த சொல் மதிப்பெண் இடதில் 38 சதவீதம், வலதில் 8, இரண்டும் சேர்த்து 40.

சிலிகான் குழாய்ச் சோதனையில், 2000 ஹெர்ட்ஸுக்கு மேல் இடது கருவி இலக்குக்கு 12 டெசிபல் கீழே இருப்பது தெரிகிறது. புது மோல்டு, அளவு திருத்தம், ஆறு வாரப் பழக்கம். மறுசோதனையில் இடது 50, வலது 12, இரண்டும் சேர்த்து 52. பின்னணி இரைச்சலைவிடப் பேச்சு 10 டெசிபல் கூடுதலாக இருக்கும்படி வைத்துச் சோதித்தால் 22.

இந்த எண்கள் என்ன சொல்கின்றன? கருவியைத் திருத்தியதில் இடது காது நிஜமாகவே மேம்பட்டது, அதைக் கைவிடக் கூடாது. வலது காது எவ்வளவு திருத்தினாலும் 12தான். அமைதியான அறையிலேயே பாதிச் சொற்கள் தவறுகின்றன, நாலு பேர் பேசும் இடத்தில் ஐந்தில் ஒன்றுதான் புரிகிறது. இன்னும் விலையுயர்ந்த கருவி வாங்கினாலும் வலது காதின் 12 பெரிதாக மாறாது, ஏனென்றால் குறை இருப்பது பெருக்கலில் அல்ல. ஆக, இவருக்கான கேள்வி கருவியா இம்ப்ளான்டா என்பதே அல்ல. இடது காதில் கருவியை வைத்துக்கொண்டு, வலது காதில் இம்ப்ளான்ட் வைக்கலாமா என்பதுதான்.

ஆபரேஷனும் அதன் ஆபத்துகளும்

முழு மயக்கத்தில் சுமார் இரண்டு மணி நேரம், சில நேரம் கூடுதலாக ஆகும். காதுக்குப் பின்னால் கீறி, அங்குள்ள எலும்பை டிரில்லால் குடைந்து நடுக்காதுக்கு வழி செய்வார்கள். அந்த வழி முகநரம்புக்கும் சுவைநரம்பின் ஒரு கிளைக்கும் இடையே சில மில்லிமீட்டர் அகலத்தில் போகிறது. அதன் வழியே காக்ளியாவில் சவ்வால் மூடிய சிறு வாயிலான வட்டச் சன்னலைத் திறந்து எலக்ட்ரோடை மெதுவாகச் செலுத்துவார்கள். மேஜையிலேயே மின்சோதனை செய்து, நரம்பு பதில் தருகிறதா என்று பார்ப்பார்கள். எலக்ட்ரோடின் நுனி மடங்கிக்கொள்வது அரிதாக நடக்கும், அது எக்ஸ்ரேயில் தெரியும். அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போகலாம்.

ஆபத்துகள் எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. எல்லோரும் முதலில் கேட்பது முகம் கோணிப்போகுமா என்றுதான். நிரந்தர முகவாதம் 1 சதவீதத்துக்கும் குறைவு. டிரில் செய்யும் நேரம் முழுக்க முகத் தசைகளில் ஊசி எலக்ட்ரோடுகள் வைத்து நரம்பைக் கண்காணிப்பார்கள். சில நாள் கழித்து ஒரு பக்கம் கண் மூடச் சிரமமானாலோ வாய் ஒருபுறம் இழுத்தாலோ உடனே மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும். இப்படித் தாமதமாக வரும் தளர்ச்சி வீக்கத்தால் வருவது, மருந்தில் பெரும்பாலும் சரியாகிவிடும்.

உண்மையில் அதிகம் யோசிக்க வேண்டியது இன்னொன்று. ஆபரேஷன் செய்த காதில் மிச்சமிருக்கும் இயற்கைச் செவி போய்விடலாம். எலக்ட்ரோடு உள்ளே போகும்போது மெல்லிய சவ்வுகள் கிழியலாம். கிழியாவிட்டாலும், பிறகு அதைச் சுற்றி வளரும் தழும்புத் திசு மிச்ச செல்களைக் கெடுக்கலாம். மெல்லிய எலக்ட்ரோடு, மெதுவான செலுத்தல், ஸ்டீராய்டு மருந்து ஆகியவற்றால் சிலருக்குத் தாழ்ந்த அதிர்வெண்கள் காப்பாற்றப்படுகின்றன, ஆனால் யாருக்கும் உறுதி தர முடியாது. இம்ப்ளான்ட் பிடிக்காவிட்டால் மறுபடி அதே காதில் கருவி மாட்டிக்கொள்ளலாம் என்று எண்ணி ஒப்புக்கொள்ளக் கூடாது. மேலே சொன்னவருக்கு வலது காதில் இழக்க இருப்பது 12 சதவீதம். இடது காதில் என்றால் 50. எந்தக் காது என்ற கேள்விக்கு இத்தனை எடை இருப்பது இதனால்தான்.

அடுத்தது தலைசுற்றல். சமநிலை உறுப்பு காக்ளியாவோடு ஒட்டியது, இரண்டுக்கும் திரவம் ஒன்றே. அதனால் முதல் சில நாட்களில் தள்ளாட்டம் வருவது சாதாரணம், பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கும். ஆபத்து எங்கே என்றால், மறுபக்கச் சமநிலை உறுப்பு ஏற்கெனவே செயலிழந்து, ஆபரேஷன் செய்யும் பக்கம் மட்டுமே வேலை செய்துகொண்டிருக்கும்போது. அதுவும் போனால் நடக்கும்போது பார்வையே ஆடும், இருட்டில் நிற்க முடியாது. இருட்டில் தடுமாற்றம் ஏற்கெனவே இருந்தால் அதைச் சொல்லி, காதைத் தேர்ந்தெடுக்கும் முன்பே சமநிலைச் சோதனை செய்துகொள்ள வேண்டும். வயதானவர்களுக்கு இது இன்னும் முக்கியம், விழுந்து இடுப்பெலும்பு உடைந்தால் அது வேறொரு துன்பம்.

சுவைநரம்பு உரசுப்பட்டால் நாக்கின் ஒரு பக்கம் உலோகச் சுவையோ மரப்போ இருக்கும், பல மாதங்களில் குறைந்துவிடும், சிலருக்கு மட்டும் நிற்கும். காதில் ஏற்கெனவே உள்ள இரைச்சல் பெரும்பாலானோருக்குக் குறைகிறது, சிலருக்குக் கூடுகிறது.

மூளைக்காய்ச்சல் மிக அரிது, ஆனால் உயிருக்கே ஆபத்தானது. உள்காதின் திரவத்துக்கும் மூளையைச் சுற்றிய திரவத்துக்கும் தொடர்பு உண்டு, நடுக்காதுக் கிருமி எலக்ட்ரோடு வழியே உள்ளே போகலாம். எலக்ட்ரோடைச் சுவரோடு ஒட்டி நிறுத்த ஒரு துணைத்துண்டு வைத்த பழைய வடிவம் ஒன்றில் இந்த ஆபத்து கூடுதலாகத் தெரிந்ததால், 2002இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். மூளைக்காய்ச்சலைத் தரக்கூடிய நிமோகாக்கஸ் கிருமிக்கான தடுப்பூசியை ஆபரேஷனுக்கு இரண்டு வாரமாவது முன்பே போட்டுக்கொள்வது நடைமுறை. பிறகு எப்போதானாலும் காய்ச்சலோடு கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, வாந்தி வந்தால் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அந்தக் காதில் சீழ் வந்தாலும் தள்ளிப்போடக் கூடாது.

காயத்தில் கிருமித்தொற்று, தோலடியில் ரத்தக்கட்டு ஆகியவையும் வரலாம். காந்தம் அளவுக்கு மீறிப் பலமாக இருந்தால் காயிலுக்கு அடியில் தோல் சிவந்து புண்ணாகும், குறைந்த பலமுள்ள காந்தம் மாற்றினால் சரியாகும். உள்ளே வைத்த கருவியே வருடங்கள் கழித்துப் பழுதாகலாம். ஒலி விட்டு விட்டு வருவது, முன்பு புரிந்த குரல் காரணமின்றிப் புரியாமல் போவது, திடீர்ச் சத்தம் அல்லது வலி ஆகியவை அதன் அறிகுறிகள். அப்போது மறு ஆபரேஷன் தேவைப்படும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும்போது உள்ளே உள்ள காந்தம் இழுபடலாம். புதிய கருவிகள் பலவற்றில் நிபந்தனைகளோடு எடுக்கலாம் என்றாலும், மாடல் எழுதிய அட்டையைக் காட்டாமல் அந்த அறைக்குள் போகக் கூடாது. வேறு ஆபரேஷன் எதற்குப் போனாலும் இம்ப்ளான்ட் இருப்பதை முதலிலேயே சொல்ல வேண்டும், ஏனென்றால் ரத்தக்கசிவை நிறுத்தும் மின்கருவிகளில் ஒரு வகையைத் தலை, கழுத்துப் பகுதியில் பயன்படுத்தக் கூடாது.

ஸ்விட்ச் போட்ட பிறகு

இரண்டு முதல் நான்கு வாரத்தில் காயம் ஆறியதும் பிராசஸரை இயக்குவார்கள். அதுவரை அந்தக் காதில் ஒன்றும் கேட்காது. ஒவ்வொரு தொடுபுள்ளிக்கும் எந்த மின்அளவில் மெல்லியதாகக் கேட்கிறது, எதில் போதுமான சத்தம் என்று அளந்து பதிவார்கள். இதுதான் மேப்பிங். முதல் நாள் பேச்சு கீச்சுக் குரலாகவோ ரோபோ போலவோ, சிலருக்கு வெறும் பீப் சத்தமாகவோ கேட்கும். அதைக் கேட்டு ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று கலங்க வேண்டாம். மூளை புதிய குறிப்புகளைப் பழைய சொற்களோடு இணைத்துக்கொள்ள மாதங்கள் ஆகும். பெரிய முன்னேற்றம் முதல் மூன்று முதல் ஆறு மாதத்தில், அதன் பிறகும் ஒரு வருடம் வரை மெல்ல நகரும். தினமும் விழித்திருக்கும் நேரம் முழுக்க மாட்டியிருப்பவர்களுக்குத்தான் இது நடக்கும். வீட்டில் யாராவது ஒருவர் தினம் அரை மணி நேரம் வாயை மறைத்துக்கொண்டு வாசிக்க, கேட்பவர் திருப்பிச் சொல்வது நல்ல பயிற்சி.

பேச்சு கற்ற பிறகு செவி இழந்த பெரியவர்கள் அமைதியான அறையில் சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்ட தனிச்சொற்களைச் சரியாகச் சொல்கிறார்கள். சராசரிக்கு இருபுறமும் இடைவெளி பெரிது. சிலர் 90ஐத் தொடுகிறார்கள், சிலருக்கு உதடு பார்க்க ஒரு துணை மட்டுமே கிடைக்கிறது. இரைச்சலான இடத்திலும் பாட்டிலும் இம்ப்ளான்ட் தடுமாறும். சுருதியைப் பிரித்துக் காட்டச் சில தொடுபுள்ளிகள் போதாது. இடது காதில் கருவி தொடர்ந்து இருந்தால் அந்தக் குறையை ஓரளவு அது நிரப்பும், இயற்கையான தாழ்ந்த ஒலிகள் அங்கிருந்து வரும்.

நம் 54 வயதுக்காரருக்கு வலது காதில் இம்ப்ளான்ட் நியாயமான தேர்வு. 4 வருடம் அந்தக் காது சும்மா இருந்தது பெரிய தடை இல்லை. ஸ்கேனில் காக்ளியா உள்ளே எலும்பு அடைக்காமல் திறந்திருக்க வேண்டும், செவிநரம்பு தெரிய வேண்டும். வயது 74 ஆக இருந்தாலும் இதே கணக்குதான், மயக்க மருந்தைத் தாங்கும் உடல் இருந்தால் போதும்.

ஆனால் கருவியைத் திருத்திய பிறகு இரண்டும் சேர்ந்து 52க்குப் பதில் 76 வந்திருந்தால், கருவியோடு நிற்பதே சரி. பேசுபவர் சட்டையில் மாட்டிக்கொள்ளும் வயர்லெஸ் மைக் ஒன்றைச் சேர்த்து, வருடம் ஒருமுறை இதே சொல் சோதனையைத் திரும்ப எடுக்கலாம். மூளைக்காய்ச்சல் வந்து செவி போனவருக்கோ இந்தப் பொறுமை கூடாது. காக்ளியாவுக்குள் சில வாரங்களிலேயே எலும்பு வளர்ந்து எலக்ட்ரோடு போக வழியில்லாமல் ஆகலாம், உடனே ஸ்கேன் எடுத்து முடிவு செய்ய வேண்டும். வலது காது சிறுவயது முதலே ஒன்றும் கேட்காததாக இருந்தால் கணக்கு இன்னும் கடினம். அங்கே இம்ப்ளான்ட் வைத்தால் சத்தம் தெரியும், பேச்சு புரிவது சந்தேகம். கேட்டுப் பழகிய இடது காதில் வைத்தால் பலன் கூடுதலாகக் கிடைக்க வாய்ப்பு உண்டு, ஆனால் கையில் இருக்கும் 50 சதவீதத்தைப் பணயம் வைக்க வேண்டும். அந்த நிலையில் ஒரே சந்திப்பில் தேதி குறிக்காமல், ஈ.என்.டி. சர்ஜனையும் ஆடியாலஜிஸ்டையும் ஒன்றாக உட்கார வைத்து, இரண்டு காதின் எண்களையும் முன்னால் வைத்துக் கேட்க வேண்டும்.